நெடுஞ்சாலைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: பாடப்பணி அறிக்கையை எழுதும் முறை

சேலம்–சென்னை எட்டுவழிச்சாலையை எடுத்துக்கொள்வோம். சுமார் 277 கி.மீ. நீளத்துக்கு வயல், ஏரி, காப்புக்காடு எல்லாவற்றையும் கடக்கும்படி திட்டமிட்ட சாலை இது. இந்தியாவில் இத்தகைய அறிக்கையின் அமைப்பை 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் மூன்றாம் பின்னிணைப்பு சொல்கிறது. பாடப்பணிக்குத் திட்ட விவரம், மாற்று வழிகள், தற்போதைய சூழல், தாக்கமும் தணிப்பும், கண்காணிப்பு, மேலாண்மைத் திட்டம் ஆகிய ஆறு பகுதிகள் போதும்.

1. மாற்று வழிகள். கிருஷ்ணகிரி–வேலூர் வழியாகவும் உளுந்தூர்பேட்டை–விழுப்புரம் வழியாகவும் ஏற்கெனவே சாலைகள் உள்ளன. அவற்றை அகலப்படுத்துவதையும், எதையுமே கட்டாமல் விடுவதையும் புதிய சாலையோடு ஒரே அளவுகோலில் ஒப்பிடுங்கள். இழக்கும் காடு எவ்வளவு, வீடுகள் எத்தனை, குறுக்கே வரும் நீர்நிலைகள் எத்தனை என்று பாருங்கள். முடிவை முதலிலேயே எடுத்துவிட்டு எழுதினால் இந்தப் பகுதியே காட்டிக்கொடுத்துவிடும்.

2. தற்போதைய சூழல். கள அளவீடு பெரும்பாலும் மழையில்லாத பருவத்தில் நடக்கும். அப்போது ஏரியின் வரத்துக்கால்வாய் காய்ந்த பள்ளமாகத்தான் தெரியும். அதனால் நிலவரைபடத்தில் கால்வாயைத் தேடி, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அங்குள்ள விவசாயிகளிடம் கேளுங்கள்.

3. தாக்கம். சாலைக்கான மண்கரை அந்தக் கால்வாயை மறித்தால் மேல்பக்க வயலில் தண்ணீர் தேங்கும், கீழ்ப்பக்க ஏரி நிரம்பாது. "நீர்நிலைகள் பாதிக்கப்படலாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஏரி, எத்தனை ஏக்கர் பாசனம், பாதிப்பு நிரந்தரமா என்று எழுதுங்கள்.

4. தணிப்பு. முதலில் தவிர்க்கப் பாருங்கள்: சாலையைச் சற்று நகர்த்த முடியுமா? முடியாவிட்டால் சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்துபோகக் கல்வெர்ட் கட்ட வேண்டும். அதன் அளவை ஊகிக்காமல், நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் (Q) என்று கணக்குப் போடுங்கள்:

```
Q = C × I × A / 360
```

உதாரணத்துக்கு நீர்ப்பிடிப்புப் பரப்பு (A) 60 ஹெக்டேர், மழைச் செறிவு (I) மணிக்கு 60 மி.மீ., வழிந்தோடும் பங்கு (C) 0.4 என்று வைத்தால், நொடிக்கு 4 கன மீட்டர் தண்ணீர் வரும். அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓட 2 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். குப்பையும் வண்டலும் சேரும் என்பதால் 2 × 1.5 மீட்டர் பெட்டிக் கல்வெர்ட் வைக்கலாம். அதன் தரை கால்வாயின் அடிமட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒரு சாண் உயர்ந்தாலும் தண்ணீர் தேங்கும்.

கால்வாயை மறிப்பதற்கு ஈடாக மரக்கன்று நடுவதாக எழுதும் அறிக்கைகள் பல உண்டு. மரக்கன்று ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவராது. மரம் வெட்டும் பாதிப்புக்குரிய தணிப்பு அது.

5. கண்காணிப்பும் செலவும். மழைக்கு முன் வண்டலை அகற்ற வேண்டும். பெருமழையன்று கல்வெர்ட்டின் இரு பக்கமும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். மேல்பக்கம் தெளிவாக உயர்ந்து நின்றால் திறப்பு அடைத்திருக்கிறது, அல்லது போதவில்லை என்று பொருள். இதை யார் செய்வார், பணம் எங்கிருந்து வரும் என்பதை மேலாண்மைத் திட்ட அட்டவணையில் தனி வரியாக எழுதுங்கள். கட்டுமான ஒப்பந்தம் முடிந்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.