பூட்டு மாட்டினால் வழக்கு உங்கள் மேல் வரும்: வாடகைதாரரைக் காலி செய்ய வைப்பதில் வீட்டுக்காரர்கள் செய்யும் தவறுகள்

வீடு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அந்த வீடு இப்போது யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. வாடகைக்கு விட்ட அன்றே பத்திரம் உங்களிடமும் சுவாதீனம் குடியிருப்பவரிடமும் என்று பிரிந்துவிடுகிறது. பல வீட்டுக்காரர்கள் சிக்கலில் மாட்டுவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான். "என் வீட்டுக்குள் நான் போக யாரைக் கேட்க வேண்டும்?" என்று அவர்கள் கோபப்படுவது புரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

சென்னையில் ஒரு போர்ஷன் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 36,000. 2024 ஜூன் 1 முதல் 11 மாத ஒப்பந்தம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வாடகை தர வேண்டும். ஜனவரி வாடகை வரவில்லை, பிப்ரவரியும் வரவில்லை. "அடுத்த வாரம் தருகிறேன்" என்றே மார்ச்சும் ஏப்ரலும் போய்விட்டன. பாக்கி 48,000, அட்வான்ஸைத் தாண்டிவிட்டது. ஏப்ரல் 30ஆம் தேதி ஒப்பந்தமும் முடிந்தது. மே மாதம் குடியிருப்பவர் குடும்பத்தோடு ஊருக்குப் போன சமயம் பார்த்து, வீட்டுக்காரர் பழைய பூட்டை உடைத்துத் தன் பூட்டை மாட்டுகிறார். தட்டுமுட்டுச் சாமான்கள் மாடிப்படிக்குக் கீழே போகின்றன.

பூட்டை உடைக்கும் வரை நியாயம் முழுக்க வீட்டுக்காரர் பக்கம்தான் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அது கைமாறிவிட்டது.

ஊரிலிருந்து திரும்பும் குடியிருப்பவருக்கு 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் 6ஆவது பிரிவு இருக்கிறது. சம்மதம் இல்லாமல், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற பேச்சே எழாது, வாடகை பாக்கியும் பதிலாகாது. அவர் அங்கே குடியிருந்தாரா, சட்டவழி இல்லாமல் வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். இரண்டுக்கும் ஆம் என்றால் வீடு அவர் கைக்குத் திரும்பும். அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீலும் கிடையாது, மறுஆய்வும் கிடையாது. நாலு மாத வாடகை பாக்கி வைத்தவரை வீட்டுக்காரரே மறுபடி குடியமர்த்த வேண்டிய நிலை வரும்.

அதோடு காவல் நிலையத்திலும் ஒரு புகார் போகும். மற்றவர் சுவாதீனத்தில் உள்ள இடத்துக்குள் அவரை மிரட்டவோ தொல்லை செய்யவோ நுழைந்தால் அது குற்ற அத்துமீறல். நுழைந்தவரே அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரராக இருந்தாலும் அப்படித்தான். பீரோவில் நகை இருந்தது, காணவில்லை என்று அவர் சொன்னால், சாட்சி இல்லாமல் பூட்டை உடைத்தவர் என்ன பதில் சொல்ல முடியும்?

உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. 1989இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் உரிமக் காலம் முடிந்த பிறகும் இடத்தில் இருந்தவரை உரிமையாளர் தானாக வெளியேற்றியதை அது ஏற்கவில்லை. ஒருவருக்கு அங்கே இருக்கும் உரிமை இல்லாவிட்டாலும், நிலையான சுவாதீனத்தில் இருக்கிறார் என்றால் சட்ட வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2003 டிசம்பரில் ராமே கௌடா வழக்கிலும் அதே நிலைப்பாடுதான். அதனால் "ஒப்பந்தம் முடிந்துவிட்டதே" என்பது வழக்குப் போட உதவும், பூட்டுப் போட உதவாது. "வாடகை தவறினால் உரிமையாளர் பூட்டை உடைத்து உள்ளே நுழையலாம்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்களும் உண்டு. அந்த வரியை நம்பி இறங்க வேண்டாம்.

கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்துவது

பூட்டுப் போடத் தயங்குபவர்கள் அடுத்துக் கை வைப்பது மெயின் ஸ்விட்சில். மோட்டார் போடாமல் விடுவது, மீட்டர் ஃப்யூஸைப் பிடுங்குவது, மாடிப்படி விளக்கை அணைப்பது, பைக் நிறுத்தும் இடத்தை அடைப்பது எல்லாம் இதில் சேரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம் (2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது) இதை நேரடியாகத் தடுக்கிறது. அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் தானும் நிறுத்தக் கூடாது, ஆள் வைத்தும் நிறுத்தக் கூடாது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பாக்கி வைத்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. வாடகை கேட்க வேறு வழி இருக்கும்போது ஒரு வீட்டுக் குழந்தைகளின் குடிதண்ணீரைப் பிடித்து வைப்பது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகத் தெரியவில்லை.

சரி, எந்தக் காரணத்துக்குக் காலி செய்யச் சொல்லலாம்?

அந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவு காரணங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றையாவது காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சென்னையில் இதைச் சிறுவழக்கு நீதிமன்றம் விசாரிக்கிறது.

அதிகம் பயன்படுவது வாடகை பாக்கி. இரண்டு மாத வாடகை நின்றிருக்க வேண்டும், அதைக் கேட்டு நோட்டீஸ் போயிருக்க வேண்டும், நோட்டீஸ் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் பணம் வராமல் இருக்க வேண்டும். நம் போர்ஷன் கதையில் வீட்டுக்காரர் கோட்டைவிட்டது இங்கேதான். பிப்ரவரி முடிந்தபோதே இரண்டு மாதம் பாக்கியாகிவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் வக்கீல் மூலம் ஜனவரிக்கு 12,000, பிப்ரவரிக்கு 12,000, தாமதத்துக்கான வட்டி இவ்வளவு என்று பிரித்து எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கலாம். மார்ச் 10ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மனுவே தாக்கல் செய்திருக்கலாம். மே மாதம் பூட்டு வாங்கும் நேரத்தில் அவர் கையில் ஒரு வழக்கு எண் இருந்திருக்கும். வாட்ஸ்அப்பில் "எப்போ தருவீங்க" என்று அனுப்பிய செய்திகளை இந்த நோட்டீஸுக்கு ஈடாக நினைத்து நாள் கடத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அந்த ஒரு மாதத்துக்குள் அவர் வட்டியோடு மொத்தப் பாக்கியையும் கட்டிவிட்டால் இந்தக் காரணம் போய்விடும். அது வீட்டுக்காரருக்குத் தோல்வி இல்லை, பணம் வந்துவிட்டது. சிலர் இந்த இடத்தில் வேண்டுமென்றே பணத்தை வாங்க மறுப்பார்கள், பாக்கி நீடித்தால் காலி செய்ய வைக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு பலிக்காது. வாங்க மறுத்தால் குடியிருப்பவர் மணியார்டரிலோ ஆன்லைனிலோ அனுப்பலாம், இரண்டு மாதம் அப்படி அனுப்பியும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். அப்போது நீதிமன்றத்தில் பொறுப்பாக நடந்தவராக நிற்பது அவர்தான்.

இன்னொரு காரணம் சொந்தத் தேவை. மகளுக்குக் கல்யாணமாகி அதே வீட்டில் குடியேறப் போகிறாள், வாடகை வீட்டில் இருக்கும் நீங்களே திரும்பி வரப் போகிறீர்கள் என்பது போன்ற உண்மையான தேவையாக இருக்க வேண்டும். கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் கிடைத்ததால் மட்டும் இதைச் சொன்னால் குறுக்கு விசாரணையில் நிற்காது. உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார் என்பதும் காரணம்தான். ஊரிலிருந்து மாமியார் வந்து இரண்டு மாதம் தங்குவது அதில் வராது. காலி செய்யாமல் செய்ய முடியாத பெரிய பழுது அல்லது இடித்துக் கட்டுவது, நோட்டீஸ் கொடுத்த பிறகும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகியவையும் பட்டியலில் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாமல் போனதே ஒரு காரணம். இந்தச் சட்டம் எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. பதிவுக்கான அரசுத் தளம் tenancy.tn.gov.in. பத்து வருடமாக வாய்ப்பேச்சில் இருக்கும் பழைய குடித்தனக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், அதைக் காட்டியே மனுப் போடலாம்.

பன்னிரண்டு வருடப் பயம்

"பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே போய்விடும்" என்ற பேச்சுதான் பல பூட்டுகளுக்குக் காரணம். பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து இடத்தைத் தன்னுடையது என்று வைத்திருப்பவருக்கு. வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். உங்களிடம் வாடகைக்கு இடம் வாங்கியவர், அந்தக் குடித்தனம் தொடரும்போதும் அதற்குப் பிறகும், விட்டபோது உங்களுக்கு உரிமையே இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லவும் முடியாது. ரசீதும் வங்கிக் கணக்கில் வாடகை வந்த பதிவும் இருக்கும் வரை இருபது வருடம் ஆனாலும் அவர் வாடகைதாரர்தான். கையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு எந்தத் தடமும் வைக்காதவர்தான் கவலைப்பட வேண்டும். 11 மாத ஒப்பந்தத்தை இதற்கு மருந்தாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த 11 மாதம் வந்தது, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டியிருப்பதால்.

காவல் நிலையத்தை நம்புவதும் வீண். மிரட்டல், அடிதடி, திருட்டு என்றால் அவர்கள் வருவார்கள். வீட்டைக் காலி செய்து தருவது அவர்கள் வேலை இல்லை, கேட்டால் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். வேண்டியவர் மூலம் ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்கிய கடிதம் நீதிமன்றத்தில் உங்களுக்கே எதிராகத் திரும்பும். தெருவில் நாலு பேரை வைத்துப் பேசும் கட்டப் பஞ்சாயத்து இதைவிட மோசம். உத்தரவு கிடைத்த பிறகும் அவர் இறங்கவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போட வேண்டும், அப்போது நீதிமன்ற அமீனா வந்து சுவாதீனத்தை எடுத்துத் தருவார். தடுத்தால் நீதிமன்ற உத்தரவின் பேரில் போலீஸ் துணையும் வரும்.

பேசியே முடிந்து அவர் தானாகக் காலி செய்கிறார் என்றால் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பாதீர்கள். எந்தத் தேதியில் காலி வீட்டின் சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது, மின் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் வங்கி மூலம் திருப்பிக் கொடுங்கள்.