நோட்டீசிலிருந்து ‘மேற்படி’யை எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

வக்கீல் ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசை எளிய தமிழில் எழுதச் சொன்னால், பழைய மாதிரியை எதிரில் வைத்துக்கொண்டு ‘மேற்படி’, ‘இதன்மூலம்’, ‘இதில் கண்ட’ எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுகிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். எழுத்துப்பிழை, கதவு எண் மாறிப்போவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அவை இங்கே வேண்டாம்.

‘மேற்படி’க்குப் பதில் ‘அந்த’

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஊராட்சிப் பகுதி ஒன்றில் நடந்த கதையைச் சொல்கிறேன். ஒரே கட்டடம், ஒரே உரிமையாளர், ஒரே வாடகைதாரர். கீழே கடை, மாடியில் வீடு. இரண்டுக்கும் தனித்தனியாக 11 மாத ஒப்பந்தம் போட்டு, காலம் முடிந்த பிறகும் மாத வாடகைக்கே தொடர்ந்தார்கள். கடைக்கு 12,000 ரூபாய், வீட்டுக்கு 7,000. வீட்டு வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கடை வாடகை மட்டும் பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதம் பாக்கி.

முதலில் தயாரான நோட்டீஸ் பழைய பாணியில் இருந்தது:

“தாங்கள் மேற்படி ஒப்பந்தத்தின்படி மேற்படி இடத்தில் வாடகைக்கு இருந்து வருகையில், மேற்படி வாடகையை நாளது தேதிவரை செலுத்தாதபடியால், மேற்படி இடத்தைக் காலி செய்து ஒப்படைக்குமாறு இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.”

ஜூனியர் அதை எளிமையாக்கினார்:

“நீங்கள் அந்த ஒப்பந்தப்படி அந்த இடத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள். அந்த வாடகையை இன்றுவரை கட்டவில்லை. அந்த இடத்தைக் காலி செய்து கொடுங்கள்.”

படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஒப்பந்தம், எந்த இடம், எந்த வாடகை? முன்னால் ஒரு பத்தியில் கடை, வீடு இரண்டையும் சொல்லியிருந்ததால், ‘அந்த’ எதைக் குறிக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய நோட்டீசில் இருந்த குழப்பம் அப்படியே இதிலும் இருக்கிறது.

வாடகைதாரர் பதில் நோட்டீஸ் அனுப்பினார். வீட்டு வாடகை கட்டிய ரசீதுகளை இணைத்து, “எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எந்த இடத்தைக் காலி செய்யச் சொல்கிறீர்கள் என்றும் புரியவில்லை” என்று எழுதியிருந்தார். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் புரியவில்லை என்று சொல்ல நாம்தானே இடம் கொடுத்தோம்! உரிமையாளர் புது நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாயிற்று, காலக்கெடுவும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. இதோடு போனது அதிர்ஷ்டம். இதே நோட்டீசை வைத்து வழக்குப் போட்டு, பல வருடம் கழித்து நோட்டீசே செல்லாது என்று தீர்ப்பு வந்தால் அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

காலி நோட்டீசைக் குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கில் படிக்கக் கூடாது, இயல்பான பொருளில் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி “கோர்ட் பார்த்துக்கொள்ளும்” என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு இடத்தில் எது என்று நீதிபதி ஊகித்துக்கொள்வார் என்று நம்பி நோட்டீஸ் எழுத முடியாது.

செய்ய வேண்டிய வேலை இதுதான். பழைய வாசகத்தில் உள்ள ஒவ்வொரு ‘மேற்படி’யையும் வட்டமிடுங்கள். பக்கத்து ஓரத்தில் அது குறிக்கும் பொருளின் முழுப் பெயரை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அல்லது கட்சிக்காரரிடம் கேளுங்கள். அதே தாளை இன்னொருவரிடம் கொடுத்து, அவரையும் நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாக நிரப்பினால் மூலத்திலேயே கோளாறு. எல்லாம் தெளிவான பிறகு தொடக்கத்திலேயே ‘கடை’, ‘வீடு’, ‘கடை ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்துவிட்டு, கடைசிவரை அதே பெயரைப் பயன்படுத்துங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடுமே என்று கவலைப்பட வேண்டாம். இது கட்டுரைப் போட்டி அல்ல.

திருத்திய வாசகம் இப்படி அமைந்தது:

“கடைக்கு மாத வாடகை 12,000 ரூபாய். பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதக் கடை வாடகை 48,000 ரூபாயை நீங்கள் தரவில்லை. கடையை உங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பதை இந்த நோட்டீஸ் மூலம் முடித்துக்கொள்கிறேன். மாடி வீட்டுக்கும் இந்த நோட்டீசுக்கும் தொடர்பில்லை. வீட்டு வாடகை ஏற்பாடு அப்படியே தொடர்கிறது.”

நீளம் கூடியிருக்கிறது. கூடட்டும். (பழைய பத்திரங்களில் ‘மேற்படி’க்கு ௸ என்று ஒரு குறியே உண்டு. கையால் எழுதிய காலத்தில் இடமும் மையும் மிச்சமாயின. இன்றைக்கு அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை.)

‘இதன்மூலம்’ போகலாம், முடிவு போகக் கூடாது

‘இதன்மூலம் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது’ என்பது கரடுமுரடுதான். ஆனால் அதில் ஒரு காரியம் நடக்கிறது: வாடகை உறவு முடிகிறது. அதை மென்மையாக்குகிறேன் என்று “முடித்துக்கொள்ள விரும்புகிறேன்”, “காலி செய்தால் நல்லது” என்று எழுதினால் ஆசையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், எதையும் முடிக்கவில்லை. ‘முடித்துக்கொள்கிறேன்’ என்று நிகழ்காலத்தில், யார் முடிக்கிறார் என்பது தெரியும்படி எழுதுங்கள். ‘அறிவிக்கப்படுகிறது’ என்றால் அறிவிப்பது யார் என்ற கேள்வி வரும். நோட்டீசை வக்கீல் அனுப்பினால் “உரிமையாளர் சார்பில்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘மேற்படி தேதியிலிருந்து’

எந்தத் தேதி? நோட்டீஸ் எழுதியதா, தபாலில் போட்டதா, கைக்கு வந்ததா? ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு. 2002 கடைசியில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, அந்தக் காலம் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. அதனால் “இந்த நோட்டீஸ் உங்களுக்குக் கிடைத்த நாளை விட்டு, அதற்கடுத்த 15 நாட்கள் முடிந்ததும் கடையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும்” என்று எழுதலாம். தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளுக்கு 2019 பிப்ரவரியில் அமலான தனி வாடகைச் சட்டம் இருக்கிறது. அங்கே நோட்டீசில் என்ன காரணம் காட்டுவது என்பதை அந்தச் சட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தபசில்

தலைப்பைச் ‘சொத்து விவரம்’ என்று மாற்றுங்கள். விவரத்தில் கை வைக்காதீர்கள்.

‘தாங்கள்’

விரும்பினால் இருக்கட்டும், அது மரியாதை. மேலே உள்ளதுபோல் ‘நீங்கள்’ என்று எழுதினாலும் தவறில்லை.

‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’யை வெட்டுவது

இது வெறும் அலங்காரம் என்று நினைத்துத்தான் எடுத்துவிடுகிறார்கள். நோட்டீஸ் கொடுத்த பிறகு, அந்தக் கெடுவுக்குப் பிந்தைய மாத வாடகையை உரிமையாளர் வாங்கிக்கொண்டால், நோட்டீசையே கைவிட்டுவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாட முடியும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஆகவே சொல்லை மாற்றுங்கள், பொருளை வைத்துக்கொள்ளுங்கள்: “இனி நீங்கள் தரும் பணத்தை நான் வாங்கினாலும், அது பழைய பாக்கிக்கும், கடையைக் காலி செய்யும்வரை பயன்படுத்தியதற்கான ஈட்டுக்கும்தான். இந்த நோட்டீசை நான் கைவிடவில்லை.” இதை எழுதிவிட்டு, மறுமாதம் ‘வாடகை வரவு’ என்று அச்சடித்த பழைய ரசீதையே கொடுக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ரசீதில் என்ன எழுத வேண்டும் என்பதை நோட்டீஸ் அனுப்பும் நாளிலேயே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.