முதல் ஓட்டுக்கு வாசகம் எழுதும்போது எங்கே சறுக்குகிறது?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிச் சுவருக்கு இப்படி ஒரு வாசகம் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம்: “விடியலும் மாற்றமும் உன் கையில்! வாலே, ஓட்டு போடுவோம்!” வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கட்சியையும் சாராத பிரச்சாரத்துக்கு இது ஆகாது.

2021 தேர்தலில் திமுக ‘விடியல்’ என்ற சொல்லை ஊரெல்லாம் கொண்டுபோனது. ‘மாற்றம்’ 2016இல் பாமகவின் முழக்கம். ‘கை’ காங்கிரசின் சின்னம். எழுதியவர் மனதில் எந்தக் கட்சியும் இருந்திருக்காது, வாசிப்பவர் மனதில் வந்துவிடும். கட்சிகளை மறந்துவிட்டுப் பார்த்தாலும், ‘மாற்றம்’ என்றால் ஆட்சியில் இருப்பவரை இறக்கு என்றுதான் காதில் விழும்.

படத்தில் இதைவிட அதிகம் மாட்டிக்கொள்வார்கள். புது வாக்காளர் என்றதும் முளைவிட்ட செடி ஒன்றை வரைவார்கள், அதில் சரியாக இரண்டு இலை. பின்னால் உதிக்கிற சூரியன், குளத்தில் தாமரை. நெல்லைச் சீமை ஆயிற்றே என்று ஓரத்தில் ஒரு நெற்கதிர் வைத்தால், பக்கத்தில் அரிவாள் இல்லாததுதான் குறை! மை வைத்த விரலைக் காட்ட முழு உள்ளங்கையை விரித்துவிடுவதும் உண்டு. இடது ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மற்ற விரல்களை மடக்கி வரைந்தால் போதும்.

‘வாலே’ வேறு வகைச் சிக்கல். கூட்டாளி சொன்னால் பிரியம், அரசு பேனரில் இருந்தால் அதட்டல். பெண்பிள்ளைகளை யாரும் ‘லே’ போட்டுக் கூப்பிடுவதில்லை என்பதால், பாதிப் பேருக்கு அந்த அழைப்பே போய்ச் சேராது.

அப்புறம், “18 ஆச்சா? ஓட்டு போட வா!” என்பது. இது பாதிதான் உண்மை. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தகுதி நாட்களை வைத்துத்தான் வயது பார்க்கிறார்கள். ஏப்ரல் 10இல் 18 முடிந்த பிள்ளை ஏப்ரல் கடைசியில் நடக்கும் தேர்தலில் ஓட்டு போட முடியாது. வயது வந்திருந்தாலும் படிவம் 6 கொடுத்துப் பட்டியலில் பெயர் ஏறியிருக்க வேண்டும். வாசகத்தை நம்பி வந்து வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளை அடுத்த முறை வருமா என்ன?

அதனால் ஒரே வாசகத்தை நம்பாமல் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு: “பட்டியல்ல உன் பேரு இருக்கா? இன்னைக்கே பாரு.” ஓட்டுப்பதிவு வாரத்தில்: “முதல் ஓட்டு உன்னோடது. யாருக்குன்னு முடிவும் உன்னோடதுதான்.”

இரண்டாவதை அச்சுக்குக் கொடுக்கும் முன், வேட்புமனு வாபஸ் முடிந்து வெளிவரும் இறுதி வேட்பாளர் பட்டியலைப் பாருங்கள். சுயேச்சைகளுக்குக் கிரிக்கெட் மட்டை மாதிரி அன்றாடப் பொருட்கள்கூடச் சின்னமாகக் கிடைக்கும். உங்கள் பேனரில் மட்டை பிடித்த பையன் இருந்தால் படத்தை மாற்ற அப்போதுதான் கடைசி வாய்ப்பு.