டொமைனை மாற்றும்போது ஈமெயிலைத் தொலைக்கும் வழிகள்

போன வாரம் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணே, டொமைனை வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்திட்டேன். சைட் நல்லா வருது, மெயில் மட்டும் வரல்ல. ரெண்டு நாள் பொறுத்தா சரியாயிருமா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருசங்களுக்கு முன் அப்புத்தளையில் ஒரு தங்குவிடுதி முதலாளியிடம் "ரெண்டு நாள் பொறுங்க" என்று இதே வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன். பொறுத்தார். ஏப்ரல் சீசனுக்கு வந்த புக்கிங் மெயில்களில் ஒரு பங்கு, பொறுத்த அந்த இரண்டு நாளில்தான் போனது.

லொக்கைத் திறப்பது, மாற்றத்துக்கான கோட் வாங்குவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதில் தவறினால் திரையே சொல்லிவிடும். சொல்லாமல் கொல்லும் தவறு வேறு.

## பதிவும் டிஎன்எஸ்ஸும் ஒன்றென்று நினைப்பது

ரெஜிஸ்ட்ரார் என்பவர் டொமைன் உங்கள் பெயரில் இருப்பதைப் பதிவில் வைத்திருப்பவர். சைட் எந்த சர்வரில் இருக்கிறது, மெயில் எங்கே போக வேண்டும் என்ற குறிப்புகள் இருப்பது நேம் சர்வரில். இந்தக் குறிப்புகளைக் கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாடுதான் டிஎன்எஸ், ஒவ்வொரு குறிப்பும் ஒரு ரெக்கார்ட். பழைய ரெஜிஸ்ட்ராரே இலவசமாக நேம் சர்வரும் தந்திருந்தால் இரண்டும் ஒரே கடை போலத் தெரியும். டொமைனை மாற்றும்போது பதிவு மட்டும்தான் இடம் மாறுகிறது. குறிப்புகள் கூட வருவதில்லை. வாடிக்கையாளர் போய்விட்டார் என்று பழையவர் அவற்றை அழித்துவிடவும் கூடும்.

அப்புத்தளையில் நடந்தது இதுதான். டொமைன் ஒரு .com. சைட் ஒரு ஷெயார்ட் ஹோஸ்டிங்கில், மெயில் தனியாக வேறொரு மெயில் சேவையில். திங்கட்கிழமை மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். பழைய ரெஜிஸ்ட்ரார் பதில் சொல்லாவிட்டால் 5 நாளில் மாற்றம் தானாக நடந்துவிடும், சனிக்கிழமை நடந்தது. அன்று மத்தியானமே சைட் விழுந்தது, பழைய இடத்தில் குறிப்புகளை அழித்துவிட்டார்கள். பதறிப்போய் புதிய ரெஜிஸ்ட்ராரின் நேம் சர்வரைப் போட்டு, அதில் சைட்டுக்கான A ரெக்கார்டை மட்டும் எழுதினேன். சாயங்காலம் சைட் வந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தேன்.

மெயிலுக்கான MX ரெக்கார்டை எழுதவில்லை. மெயில் வரவில்லை என்று முதலாளி கேட்டபோது "டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் எடுக்கும்" என்றேன்.

உண்மையில் எதுவும் பரவுவதில்லை. நமக்காக நேம் சர்வரிடம் போய்க் கேட்டு வரும் சர்வர்களுக்கு ரிசோல்வர் என்று பெயர். உலகத்திலுள்ள ரிசோல்வர்கள் ஒருமுறை கேட்ட பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, TTL என்ற கெடு முடிந்தபின்தான் மறுபடி கேட்கும். அந்த 48 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்றால், .com சர்வர்கள் "இந்த டொமைனின் நேம் சர்வர் இன்னது" என்று சொல்லும் பதிலுக்குக் கெடு 172800 செக்கன், அதாவது இரண்டு நாள். அதை நீங்களோ நானோ குறைக்க முடியாது. அதனால்தான் போன் டேட்டாவில் ஒரு பதில், வீட்டு வைபையில் இன்னொரு பதில் என்று வருகிறது. இரண்டு ரிசோல்வர்களும் வேறு வேறு நேரத்தில் கேட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டு நாளில் மெயிலுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். பழைய நேம் சர்வரையே ஞாபகத்தில் வைத்திருந்தவர்கள் அங்கே போய்க் கேட்டார்கள், பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காவிட்டால் அனுப்பும் மெயில் சர்வர் அதைத் தற்காலிகக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, வழக்கமாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். அந்த மெயில்கள் எல்லாம் பிந்தியாவது வந்து சேர்ந்தன.

போனவை, என் புதிய நேம் சர்வரை ஒழுங்காகக் கண்டுபிடித்தவர்களின் மெயில்கள். MX எது என்று கேட்டார்கள், "இல்லை" என்று தெளிவாகப் பதில் கிடைத்தது. MX இல்லாவிட்டால் A ரெக்கார்டிலுள்ள முகவரிக்கே மெயிலைக் கொண்டுபோக வேண்டும் என்பது மெயிலின் பழைய விதி. கொண்டுபோனார்கள். அங்கே சைட் இருந்த ஹோஸ்டிங் சர்வர் மெயிலுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்தப் பெயரில் அங்கே ஆள் இல்லை, ஆகவே `550 No Such User Here`. 550 என்றால் நிரந்தர மறுப்பு. திரும்ப முயற்சி கிடையாது, அனுப்பியவருக்கே மெயில் திரும்பிப் போகும். வெளிநாட்டிலிருந்து அறை கேட்டவர் அதைப் பார்த்துவிட்டு எல்லவில் வேறு இடம் பார்த்திருப்பார்.

முழுதாக உடைந்து கிடந்த பாதி தப்பியது. நான் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்த பாதியில் மெயில் போனது. இன்றைக்கும் எரிச்சல் தீரவில்லை. திங்கட்கிழமை ஒரு விருந்தாளி போனில் கூப்பிட்டு "உங்கள் மெயில் திரும்பி வருகிறது" என்று சொல்லியிருக்காவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுத்திருப்போம்.

இப்போது நான் செய்யும் ஒழுங்கு வேறு. முதலில் டிஎன்எஸ், பிறகுதான் பதிவு. புதிய நேம் சர்வரில் எல்லாக் குறிப்புகளையும் எழுதுவேன்: A, MX, பிறகு நாம் அனுப்பும் மெயில் போலி அல்ல என்று காட்டும் SPF இருக்கும் TXT, DKIM, DMARC. புதிய ரெஜிஸ்ட்ரார் டொமைன் வருமுன் நேம் சர்வர் தரமாட்டார் என்றால் தனி டிஎன்எஸ் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வேன். தானாக நகலெடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் பொத்தானை நம்புவதில்லை. DKIM ரெக்கார்டின் பெயரை வெளியிலிருந்து ஊகிக்க முடியாது, பெரும்பாலும் அதுதான் விடுபடும். மெயில் சேவையின் பக்கத்திலேயே பார்த்து எழுதுங்கள்.

பிறகு, யாருடைய ஞாபகத்தையும் கேட்காமல் புதிய நேம் சர்வரிடமே நேராகக் கேட்பேன். example.com இருக்கும் இடத்தில் உங்கள் டொமைனையும், ns1.example.net இருக்கும் இடத்தில் புதிய நேம் சர்வரின் பெயரையும் போடுங்கள்:

```
dig MX example.com @ns1.example.net +short
```

சரியான பதில் வந்தால், பழைய ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் நேம் சர்வரை மாற்றுவேன். .com சர்வர் புதியதைச் சொல்கிறதா என்று பார்ப்பேன்:

```
dig NS example.com @a.gtld-servers.net
```

அது மாறிய நேரத்திலிருந்து முழுதாக இரண்டு நாள். இந்த இரண்டு நாளும் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒரே குறிப்புகள் இருப்பதால், யார் எங்கே கேட்டாலும் மெயில் ஒரே இடத்துக்குத்தான் போகும். அதன் பிறகே மாற்றத்துக்கு விண்ணப்பம். அப்போது பழையவர் எதை அழித்தாலும் எனக்குக் கவலையில்லை, அங்கே போய்க் கேட்க ஆளில்லை.

தலவாக்கலைத் தம்பியிடம் கேட்டேன், MX என்ன போட்டிருக்கிறாய் என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதையும் போடணுமாண்ணே?"

போட்டதும் உடனே வராது என்பதையும் சொல்லி வைத்தேன். "இல்லை" என்ற பதிலையும் ரிசோல்வர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கும். அதன் கெடு SOA ரெக்கார்டில் இருக்கிறது. அவனுடையதில் 3600, ஆக ஒரு மணி நேரம்.

## DS ரெக்கார்டை மறப்பது

டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பம் இடும் DNSSEC போட்டிருந்தால், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க .com சர்வர்களில் இருக்கும் DS ரெக்கார்டை நேம் சர்வரை மாற்றுமுன் எடுத்துவிட்டு, .com என்றால் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் கையொப்பம் சரிபார்க்கும் ரிசோல்வர்களிடமிருந்து SERVFAIL என்ற பிழை மட்டும்தான் கிடைக்கும், சைட்டும் சேர்ந்து போகும்.

## தொடர்பு ஈமெயிலை அதே டொமைனில் வைத்திருப்பது

வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது. டொமைன் விழுந்தால் ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் மெயிலும் உங்களுக்கு வராது.

## மாற்றுமுன் உரிமையாளர் பெயரைத் திருத்துவது

60 நாள் பூட்டு விழக்கூடும். பெயரை மாற்றத்துக்குப் பிறகு திருத்துங்கள்.

## .lk டொமைனுக்கும் இதே விதி என்று நினைப்பது

இல்லை. 5 நாள், 60 நாள் எல்லாம் .com, .org போன்றவற்றுக்கான விதிகள். .lk-க்கு LK Domain Registry சொல்வதுதான் சட்டம். ஆனால் MX எழுத மறந்தால் அங்கேயும் மெயில் இதே மாதிரித்தான் திரும்பும்.