ஸ்மார்ட்வாட்ச்சால் ஸ்லைடு நகர்த்தி நேரம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ச்சில் தட்டினால் ஸ்லைடு நகர்கிறது என்று வீட்டில் பார்த்துவிட்டு, அதே நம்பிக்கையோடு அரங்குக்குப் போவதுதான் முதல் தவறு. பெரும்பாலான ரிமோட் செயலிகளில் வாட்ச் நேரடியாக லேப்டாப்போடு பேசுவதில்லை. வாட்ச் புளூடூத் வழியாகப் போனுக்குச் சொல்கிறது, போன் வைஃபை வழியாக லேப்டாப்புக்குச் சொல்கிறது. வீட்டு வைஃபையில் இது தடையில்லாமல் நடக்கும். கல்லூரி, அலுவலக வைஃபைகள் பலவற்றில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்திருப்பார்கள். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே வைஃபை பெயர் தெரியும், இரண்டிலும் இணையம் வரும், ஆனால் செயலி லேப்டாப்பைக் கண்டுபிடிக்காது. அப்போது போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். உடனே வேலை செய்தால், தடை அரங்கின் வைஃபையில்தான். ஹாட்ஸ்பாட்டிலேயே வகுப்பை நடத்திவிடலாம்.

சில வாட்ச்களும் செயலிகளும் புளூடூத் கீபோர்டு போல நேராக லேப்டாப்போடு இணையும். வைஃபை தேவையில்லை என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: தட்டல், அந்த நேரத்தில் எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்கே போகும். நடுவில் பிரவுசரில் ஒரு வீடியோ காட்டினால், அதன்பின் தட்டுவதெல்லாம் பிரவுசருக்குப் போய்ச் சேரும். வாட்ச் செத்துவிட்டது என்று நினைத்து அதை மீண்டும் இணைக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் லேப்டாப்பின் வலது அம்புக்குறியை ஒரு முறை அழுத்துங்கள். அதற்கும் ஸ்லைடு நகராவிட்டால், ஸ்லைடு ஜன்னல் பின்னால் போயிருக்கிறது. அதன்மேல் கவனத்தைத் திருப்பினால் போதும். லேப்டாப் விசைக்கு மட்டும் நகர்ந்தால், கோளாறு இணைப்பில்.

தட்டியதும் ஸ்லைடு மாறத் தாமதமானால் இன்னொரு முறை தட்டுவது எல்லாரும் செய்யும் தவறு. இரண்டு தட்டலும் சேர்ந்து போய் இரண்டு ஸ்லைடு தாவிவிடும். ஒரு முறை தட்டிவிட்டு உங்கள் முன்னால் இருக்கும் லேப்டாப் திரையைப் பாருங்கள். தாவிவிட்டால், பவர்பாயிண்ட்டில் வேண்டிய ஸ்லைடின் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேரே அங்கே போகலாம். ஒரு ஸ்லைடில் நீண்ட நேரம் பேசுபவர்களுக்கு வேறு தொல்லை: அதற்குள் வாட்ச் ரிமோட்டை விட்டு மணி காட்டும் முகப்புக்குத் திரும்பிவிடும். ஆப்பிள் வாட்ச்சில் Return to Clock அமைப்பு பொதுவாக 2 நிமிடத்தில் இருக்கும். அதை 1 மணி நேரமாக மாற்றலாம்.

இனி நேரம். 45 நிமிட வகுப்புக்கு 45 நிமிட டைமர் வைத்தால், அது அதிரும்போது செய்ய எதுவும் மிச்சமிருக்காது. போதாததற்கு, மாணவர்கள் வந்து உட்கார்ந்து 4 நிமிடம் தாமதமாகத் தொடங்கினால், டைமரும் 4 நிமிடம் தாமதமாகவே அதிரும். மணியடிக்கும் நேரமோ மாறாது. அதனால் முடியும் நேரம் நிலையாக இருக்கும் வகுப்புக்கு டைமரைவிட அலாரம் நல்லது. மேடையேறிய நொடியிலிருந்து 20 நிமிடம் என்று கணக்கிடும் கருத்தரங்குப் பேச்சுக்கு டைமர் சரி.

10:00 முதல் 10:45 வரை ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 10:25, 10:38, 10:43 என மூன்று அலாரம் போதும். 10:25க்கு முதல் பகுதி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் இரண்டாம் பகுதியில் எந்த எடுத்துக்காட்டை விடுவது என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். 10:38க்குப் பின் புதிதாக எதையும் தொடங்காமல் கேள்விகளுக்கு விடுங்கள். 10:43 வீட்டுப்பாடம் சொல்ல. 10:04க்குத் தொடங்கினாலும் இந்த மூன்றும் நகராது. அலாரத்தின் ஸ்னூஸை அணைக்க மறந்தால், அதிர்வை நிறுத்தத் தொடும் விரல் ஸ்னூஸில் பட்டு, சம்பந்தமில்லாத நிமிடத்தில் மீண்டும் அதிரும். எது எந்த அலாரம் என்று குழம்பிப்போவீர்கள்.

அலாரத்தைப் போனில் வைக்காதீர்கள். போன் சைலண்டில் இருந்தாலும் அலாரம் சத்தமாக அடிக்கும். வாட்ச்சிலேயே வைத்து, வாட்ச்சைச் சைலண்டில் போட்டு, கையில் கட்டியிருங்கள். ஆப்பிள் வாட்ச்சைக் கழற்றிச் சார்ஜரில் வைத்தால் சைலண்டிலும் அலாரம் ஒலிக்கும்.

குறுஞ்செய்திகளின் அதிர்வை நிறுத்தாவிட்டால் எது அலாரம், எது வாட்ஸ்அப் என்று கைக்குத் தெரியாது. ஒவ்வொரு அதிர்வுக்கும் மணிக்கட்டைப் பார்ப்பீர்கள், வகுப்பும் அதைக் கவனிக்கும். தொந்தரவு செய்யாதே நிலையைப் போடுங்கள். உங்கள் வாட்ச்சில் அந்த நிலை அலாரத்தையும் சேர்த்து அடக்குகிறதா என்று அறிய, 2 நிமிடம் தள்ளி ஒரு அலாரம் வைத்து, கையை வீசிப் பேசிக்கொண்டே காத்திருங்கள். கை அசையும்போது அதிர்வு உணரப்படவில்லை என்றால் அதிர்வின் வலுவைக் கூட்டுங்கள், அல்லது பட்டையை ஒரு துளை இறுக்குங்கள்.