கதவில் தலை இடிக்கும் நாயகி: தெருப் படத்தை அனிமே பின்னணியாக்கும்போது நடக்கும் தவறுகள்

முதல் விஷுவல் நாவலுக்கு, அதாவது படங்களோடு கதை படித்து ஆடும் விளையாட்டுக்கு, எங்கள் தெருவையே பின்னணியாக வரைந்தேன். ஓட்டு வீடு, திண்ணை, மின்கம்பம், வாசல் கோலம் என்று பத்து நாள் வேலை. முடிந்ததும் நாயகியின் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் ஏதோ பூதம் போல நின்றாள். பின்னால் நடந்து போய் வீட்டுக்குள் நுழைந்தால் நிலையில் தலை இடித்துவிடும் போலிருந்தது. வண்ணத்தில் குறையில்லை, கோட்டிலும் குறையில்லை. தவறு புகைப்படம் எடுத்த நொடியிலேயே நடந்துவிட்டிருந்தது.

போனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்த படத்தில், கேமரா இருந்த உயரத்தில் உள்ள எல்லாமே ஒரே கிடைக்கோட்டில் விழும். பக்கத்து வீட்டுச் சுவரானாலும் தெருக்கோடி மின்கம்பமானாலும் அப்படித்தான். அதைக் கண்மட்டக் கோடு என்று வைத்துக்கொள்வோம். நேராக எடுத்த படத்தில் அது சரியாக நடுவில் இருக்கும். பின்னணியில் யாரை நிறுத்தினாலும் அந்தக் கோடு அவர் உடம்பை எங்கே வெட்டுகிறது என்பதை வைத்துத்தான் நம் கண் அவர் உயரத்தைக் கணக்கிடுகிறது.

என் நாயகியின் உயரம் 160 செ.மீ. திரை 1920×1080. அவள் உச்சந்தலை மேலிருந்து 150 பிக்சலில் இருக்கிறது. திரையின் கீழ்விளிம்பு அவள் தொடையை, அதாவது தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில், வெட்டுகிறது. ஆக 95 செ.மீ. உடம்பு 930 பிக்சலில் நிற்கிறது. ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 10 பிக்சல். திரையின் நடுக்கோடு 540-இல். அது அவள் உச்சந்தலைக்கு 40 செ.மீ. கீழே, மார்பு மட்டத்தில் வருகிறது, தரையிலிருந்து 120 செ.மீ. நானோ போனைக் கண்ணுக்கு நேராக, 150 செ.மீ. உயரத்தில் பிடித்து எடுத்திருந்தேன். இந்தக் கோடு 150 செ.மீ. என்று தெரு சொல்கிறது, 120 என்று நாயகி சொல்கிறாள். பார்ப்பவர் கண் தெருவை நம்பும். 160 செ.மீ. பெண் 200 செ.மீ. ஆகிவிட்டாள்.

இப்போதெல்லாம் போனை மார்பு மட்டத்தில் பிடித்துத்தான் எடுக்கிறேன். உங்கள் பாத்திரங்கள் திரையில் வேறு இடத்தில் வெட்டுப்பட்டால் மேலே சொன்ன கணக்கை ஒருமுறை போட்டு, போனைப் பிடிக்க வேண்டிய உயரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கண்மட்டத்தில் எடுத்த படம்தான் கையில் இருக்கிறது என்றால், படத்தை மேலே நகர்த்தி அந்தக் கோட்டை நாயகியின் கண்ணுக்குக் கொண்டுவரலாம். என் கணக்கில் அது ஏறத்தாழ 290 பிக்சல். போன் படம் 4:3 விகிதத்தில் இருப்பதால் 1920 அகலத்துக்கு 1440 உயரம் கிடைக்கும், நகர்த்த இடமிருக்கும். வானம் நிறையப் போய்விடும். கீழே ஒரு 110 பிக்சல் சாலையை நாமே வரைந்து நிரப்ப வேண்டிவரும், அவ்வளவுதான்.

வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சிக்கு நின்றபடி எடுத்த படம் உதவாது. அதற்குப் போனை ஸ்டூலின் மேல் வைத்துத் தனியாக எடுங்கள். நின்றபடி எடுத்த கூடத்தில் உட்கார்ந்த பாத்திரத்தை ஒட்டினால் அந்தரத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

வீட்டுக்குள் எடுக்கும்போது இன்னொரு ஆசை வரும். அறை முழுவதும் அடங்க வேண்டும் என்று 0.5x போட்டுவிடுவோம். ஓரத்தில் இருக்கும் பீரோ அகலமாக இழுபடும், எதிர்ச் சுவர் எங்கோ தூரத்துக்குப் போய்விடும், பத்தடி அறை கல்யாண மண்டபம் ஆகிவிடும். அனிமே பாத்திரங்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்து பார்த்த மாதிரி, உருவக்கோணல் இல்லாமல் வரையப்படுபவை. அகன்ற லென்ஸின் இழுப்போடு அவை ஒட்டாது. பக்கத்து அறைக்குப் போய் வாசற்படி வழியாக 1x-இல், முடிந்தால் 2x-இல், இடம் வலமாக இரண்டு மூன்று படங்கள் எடுத்து, வரையும்போது சேர்த்துக்கொள்வது மேல். இடையில் இருக்கும் சுவரையும் நிலையையும் வரையாமல் விட்டுவிடலாம். ஓவியத்தில் சுவரை இடிக்க யாரையும் கேட்க வேண்டாம்.

அடுத்தது ஃபில்டர். புகைப்படத்தைப் போட்டு ஆயில் பெயின்ட் ஃபில்டரை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் பின்னணி தயார் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வழியிலும் நல்ல விளையாட்டுகள் வந்திருக்கின்றன. 2002-இல் தொடங்கிய ஹிகுராஷி தொடரின் மூலப் பதிப்பில் பின்னணிகள் பதப்படுத்திய புகைப்படங்கள்தாம், பல ஜப்பானின் ஷிரகாவாகோ கிராமத்தில் எடுத்தவை. அது ஒரு தனி பாணி, அதன் அமானுஷ்யத்துக்குப் பொருந்தியது. ஆனால் வரைந்த பின்னணி என்று நாம் சொல்ல வந்தது அது அல்ல. ஃபில்டருக்குச் சுவரின் காரை எது, அதன்மேல் விழுந்த நிழல் எது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து குழைக்க மட்டும் தெரியும். தேவையில்லாத விவரம் அத்தனையும் குழைந்த வடிவில் அங்கேயே இருக்கும்.

எதை விடுவது என்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. எங்கள் தெரு மின்கம்பத்தில் கேபிள் கம்பிகளையும் சேர்த்தால் நாற்பது வயர் தொங்கும். முதல் முறை அத்தனையையும் வரைந்தேன், சிலந்திக்கூடு போலிருந்தது. இப்போது ஆறு வயர்தான். இரண்டு தடிமனாக முன்னால், மற்றவை மெல்லியதாகத் தூரத்தில், எதுவுமே நாயகியின் முகத்துக்குப் பின்னால் போகாமல். தலைக்குப் பின்னால் வரும் பகுதி அமைதியாக இருக்க வேண்டும். வெறும் சுவரோ வானமோ மரத்தின் ஒரே கொத்து நிழலோ போதும். சரியாக விட்டிருக்கிறோமா என்று பார்க்க, படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். வானம், வெயில் பட்ட இடம், நிழல் என்று மூன்று திட்டுகள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் நல்லது. பொரித்த கடுகு மாதிரி எங்கும் புள்ளியாகத் தெரிந்தால் இன்னும் அழிக்க வேண்டியிருக்கிறது.

கடைப் பலகை, வண்டி நம்பர், கதவு எண், சுவரில் இருக்கும் கட்சிப் போஸ்டர் இவற்றையும் இந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடுங்கள். எங்கள் தெரு மளிகைக்கடைக்குக் கதையில் வேறு பெயர்.

இதிலேயே கோலத்தின் சோகத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிநேரம் புள்ளி வைத்து இழைத்த கோலத்தின்மேல் உரையாடல் பெட்டி வந்து உட்கார்ந்தது. விஷுவல் நாவல் செய்யும் மென்பொருளான ரென்பையில் 1080 உயரத் திரைக்கு அந்தப் பெட்டியின் இயல்பான உயரம் 278 பிக்சல், கால் பங்குக்கும் சற்று மேல். அங்கே உழைப்பைக் கொட்டாதீர்கள். அதற்காக வெற்றிடமாகவும் விட முடியாது. விளையாடுபவர் `h` விசையை அழுத்தினால் பெட்டி மறைந்துவிடும்.

இனி நிழல். புகைப்படத்திலிருந்து பிப்பெட்டால் வண்ணத்தை அப்படியே எடுப்பது தொடக்கத்தில் எல்லோரும் செய்வது. மஞ்சள் சுவர் என்றால் வெயில் பக்கம் வெளுத்த வெள்ளை, நிழல் பக்கம் சேற்றுப் பழுப்பு என்று வரும். வெயிலின் வெளிச்சமும் நிழலின் இருட்டும் ஒரே படத்தில் போனுக்கு அடங்காததால் நிழல் செத்துவிடுகிறது. நேரில் போய்ப் பாருங்கள். திறந்த வெளியில் இருக்கும் நிழலில் வெயில் விழாவிட்டாலும் வானத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால் அது நீலமும் ஊதாவும் கலந்து தெரியும். அனிமே பின்னணிகளில் நிழல் அவ்வளவு நிறமாக இருப்பதற்கு அடிப்படை இதுதான், அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். ஆனால் எல்லா நிழலுக்கும் நீலம் பூசுவதும் தவறு. தாழ்வாரக் கூரையின் அடிப்பக்கம் வானத்தைப் பார்ப்பதில்லை, வெயில் பட்ட சாலையைப் பார்க்கிறது. தரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் அங்கே போகிறது, அதனால் இளஞ்சூடான காவி நிறம் வேண்டும். தாழ்வாரத்தின் அடியில் காவியும், பக்கத்துச் சுவரின் நிழலில் நீலமும் வந்த பிறகுதான் என் தெருவில் முதல்முறையாக வெயில் அடித்தது.

நிழலைச் சுவரின் வண்ணத்தோடு ஒரே லேயரில் பூசாதீர்கள். கீழே நிழலே இல்லாத சொந்த வண்ணம், அதற்கு மேல், கீழுள்ள வண்ணத்தை இருட்டாக்கும் `Multiply` லேயரில் நிழல். ஏன் என்பது மாலைக் காட்சி வரும்போது தெரியும்.

மாலைக் காட்சிக்குப் பகல் படத்தின் மேல் ஆரஞ்சு லேயரைப் பரப்பிவிட்டுப் போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எங்கள் தெரு தெற்கு வடக்கு. வடக்கைப் பார்த்துக் காலை 9 மணிக்கு எடுத்த படம். சூரியன் வலப்பக்கம், ஆகவே இடப்பக்க வீடுகளில் வெயில். வலப்பக்க வீடுகள் நிழலில், அவற்றின் நிழல் சாலைமேல். மாலை 5 மணிக்கு எல்லாம் தலைகீழ். இடப்பக்க வீடுகள் இருண்டு, அவற்றின் நிழல் சாலையைக் கடந்து எதிர்வீட்டுத் திண்ணை வரை ஏறிவிடும். வலப்பக்கத்தில் மாடிச் சுவருக்கு மட்டும் வெயில். வானமும் ஒரே ஆரஞ்சு இல்லை. சூரியன் இருக்கும் இடப்பக்கம் அடியில் வெளிறிய மஞ்சள், வலப்பக்கம் போகப் போக மங்கிய ஊதா. ஆரஞ்சு மட்டும் பூசியிருந்தால் மாலையில் கிழக்கிலிருந்து வெயில் அடிக்கும். தெருக்காரர் யாரும் ஏமாறமாட்டார்கள். மற்றவர்களும் காரணம் சொல்லத் தெரியாமலேயே ஏதோ சரியில்லை என்பார்கள்.

நிழல் தனி லேயரில் இருந்தால் செய்ய வேண்டியது குறைவு. காலை நிழலை மறைத்து, மாலை நிழலைப் புதிதாக வரைந்து, வானத்தை மாற்றினால் போதும், சுவரும் ஓடும் திண்ணையும் அப்படியே. இரவுக்கு முழுப்படத்துக்கும் நீல `Multiply` போட்டு, அதற்கு மேலே ஒளியைக் கூட்டும் லேயரில் தெருவிளக்கின் கீழ் ஒரு வட்டமும் இரண்டு சன்னலும். எல்லாச் சன்னலிலும் விளக்கைப் போட்டால் தீபாவளி ஆகிவிடும்.

முடிந்ததும் ரென்பைக்குள் போட்டுப் பாருங்கள். படங்களை `images` கோப்புறையில் `bg theru pagal.png`, `bg theru maalai.png` என்ற பெயர்களில் வைத்தால் போதும். நாயகியின் படம் `nila.png`.

```
label start:
    scene bg theru pagal
    show nila
    pause
    scene bg theru maalai with dissolve
    pause
```

முதல் `pause`-இல் உயரத்தைப் பாருங்கள். `dissolve` ஓடும்போது இரண்டு பின்னணிகளும் ஒரு கணம் ஒன்றின்மேல் ஒன்று தெரியும். மாலைப் படத்தில் எங்காவது ஒரு கோட்டைத் தெரியாமல் இரண்டு பிக்சல் நகர்த்தியிருந்தால் அந்த இடத்தில் சுவர் துள்ளும். எனக்கு மின்கம்பம் துள்ளியது.