பேட்டரி விற்பனைக் குறிப்பில் பேக்கப் நேரத்தைத் தப்பாக எழுதாதீங்க

"150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, நாலரை மணி நேரம் பேக்கப்." இப்படி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எந்த லோடுக்கு நாலரை மணி நேரம் என்று சொல்லாவிட்டால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. வாங்கினவர் கரண்ட் போன முதல் நாளே ஏமாந்து போவார்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது பாருங்கள். 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கினால் 1,800 வாட்-அவர், அதை 400 வாட் லோடால் வகுத்தால் நாலரை. ஆனால் 150 என்பது சி20 அளவு, அதாவது 7.5 ஆம்பியராக மெதுவாக 20 மணி நேரம் இழுத்தால் கிடைப்பது. மூன்று ஃபேன், ஐந்து எல்இடி பல்பு, ஒரு டிவி, ஒரு வைஃபை ரூட்டர் என்று கூட்டினால் ஏறக்குறைய 400 வாட் வரும். இன்வெர்ட்டரிலேயே 15 முதல் 20 சதவீதம் வீணாவதால் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் இழுத்தால் சுமார் 100 ஏஎச்தான் கிடைக்கும். 100-ஐ 40 ஆல் வகுங்கள், இரண்டரை மணி நேரம்.

இதே பேட்டரியில் 200 வாட் மட்டும் ஓடினால் ஐந்தரை மணி நேரம் வரை வரும். லோடு பாதியானால் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது, அதனால் ஒரே ஒரு எண்ணைப் போடாமல் இரண்டு லோடுக்கும் எழுதுங்கள்:

"புது பேட்டரி, முழு சார்ஜில்: 2 ஃபேன், 4 எல்இடி பல்பு (சுமார் 200 வாட்) – 5 முதல் 5.5 மணி. 3 ஃபேன், 5 பல்பு, டிவி, ரூட்டர் (சுமார் 400 வாட்) – 2.5 மணி. பேட்டரி பழசாகப் பழசாக நேரம் குறையும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள், இரண்டு வருஷம் கழித்து வரும் பாதிப் புகார் அதிலேயே அடங்கிவிடும்.

அப்புறம் லோடு. எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத்தான் பேட்டரி முடிவு செய்யும், எவ்வளவு லோடு தாங்கும் என்பது இன்வெர்ட்டர் கையில். 900 விஏ இன்வெர்ட்டருக்கு "900 வாட் வரை" என்று எழுதுவது தப்பு, அது பொதுவாக 700 வாட்டைச் சுற்றித்தான் தாங்கும். ஃபிரிட்ஜ் மாதிரி மோட்டார் உள்ள சாதனம் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும், ஓடும்போது 150 வாட்தானே என்று அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஓவர்லோடு ஆகி இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

ஸ்டெபிலைசருக்கு பேக்கப் நேரமே கிடையாது, அங்கே எழுத வேண்டியது இன்புட் வோல்டேஜ் ரேஞ்ச். "1.5 டன் ஏசிக்கு, 4 கேவிஏ" என்பதோடு நிறுத்தினால் போதாது. 170 முதல் 270 வோல்ட் வரை வேலை செய்வதை, இரவில் 140-க்கு இறங்கும் வீட்டில் மாட்டினால் அது கட் ஆகி ஏசி ஓடவே ஓடாது. அந்த ரேஞ்சை முதல் வரியிலேயே போடுங்கள், வாங்குகிறவர் தன் வீட்டு வோல்டேஜை அளந்து பார்த்துத் தானே முடிவு செய்துகொள்வார்.